பச்சை வந்தால் பிள்ளை போகலாமா? முன்பள்ளி வீதிப் பாட்டைத் திருத்திப் பார்த்தல்

முன்பள்ளிகளில் நிறங்களைப் பழக்கும்போதே வீதிச் சமிக்ஞை விளக்கையும் பாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சிவப்புக்கு நிற்க வேண்டும், பச்சைக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்தப் பாட்டுகளின் சாரம். நிறத்தைப் பழக்க இது போதும். வீதியைக் கடக்கப் பழக்குவதற்கு இது ஆபத்தானது.

காரணம் எளிது. அந்த மூன்று நிறங்களும் சாரதிக்கானவை. பிள்ளை வீதிக்கரையில் நிற்கும்போது வாகனங்களுக்குப் பச்சை விழுந்தால், அது வாகனங்கள் ஓடும் நேரம். பாட்டை நம்பி அப்போது காலெடுத்து வைக்கும் பிள்ளை ஓடும் வாகனத்தின் முன்னால்தான் போகும். பிள்ளைக்குரியது நடக்கும் மனித உருவம் தெரியும் பச்சை விளக்கு மட்டுமே. அந்த உருவம் இல்லாத சந்தியில், வாகனங்கள் உண்மையாகவே நின்றுவிட்டனவா என்று கண்ணால் பார்த்துத்தான் கடக்க வேண்டும்.

திருகோணமலையில் ஒரு முன்பள்ளி ஆசிரியை கேட்டதற்காக நான் எழுதிக் கொடுத்த பாட்டு இது:

சிவப்பு வந்தால் வண்டி நிற்கும்
மஞ்சள் வந்தால் வேகம் குறையும்
பச்சை வந்தால் வண்டி ஓடும்
பாப்பா கரையில் நின்று பார்க்கும்

அம்மா கையைப் பிடித்துக்கொள்
சோறு தின்னும் கைப்பக்கம் பார்
மற்றக் கையின் பக்கம் பார்
மீண்டும் சோற்றுக் கைப்பக்கம் பார்
வண்டி நின்றால் நேரே நட

முதல் நான்கு அடிகளில் நிறங்களுக்குக் கட்டுப்படுவது வண்டி. பிள்ளை கரையிலேயே நிற்கிறது. இரண்டாம் பகுதியில் வலம், இடம் என்ற சொற்களை வேண்டுமென்றே தவிர்த்தேன். நான்கு வயதில் பல பிள்ளைகளுக்கு அவை குழம்பும். சோறு தின்னும் கை எது என்பது தெரியும். இடக்கையால் சாப்பிடும் பிள்ளை இருந்தால், அதன் வலக்கையில் ஒரு நூலைக் கட்டி அந்தக் கையைச் சொல்லிக் கொடுக்கலாம்.

வலப்பக்கத்தை முதலில் பார்ப்பது ஏன்? இலங்கையில் வாகனங்கள் வீதியின் இடப்புறமாக ஓடுகின்றன. ஆகவே கரையிலிருந்து இறங்கியதும் நமக்குக் கிட்ட வரும் வாகனம் வலப்பக்கமிருந்துதான் வரும். நடுவைத் தாண்டிய பிறகே இடப்பக்க வாகனத்தைச் சந்திக்கிறோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். இடப்பக்கம் பார்த்து முடிக்க மூன்று செக்கன் எடுத்தால், அதற்குள் 40 மீற்றருக்கு அப்பால் இருந்த வாகனம் பக்கத்தில் வந்திருக்கும். வலப்பக்கத்தை இரண்டாம் தரம் பார்ப்பது அதற்காகத்தான். கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் உறவினர் அனுப்பும் காணொளிப் பாட்டில் இந்த வரிசை தலைகீழாக இருக்கலாம். அங்கே வாகனங்கள் வலப்புறமாக ஓடுகின்றன.

ஆசிரியை பிள்ளைகளைப் பார்த்து நின்று வலக்கையைத் தூக்கினால், பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடக்கையைத் தூக்கும். அதனால் அவரும் பிள்ளைகள் பார்க்கும் திசையிலேயே நின்று செய்து காட்ட வேண்டும்.

பாட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. பிரித்தானியாவில் வலம், இடம், மீண்டும் வலம் என்று பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பழக்கினார்கள். பிள்ளைகள் அதை மந்திரம்போலச் சொல்லித் தலையைத் திருப்பினார்களே தவிர, வாகனத்தைக் கவனிக்கவில்லை என்பது தெரியவந்தது. 1970களின் தொடக்கத்தில் அந்த முறை மாற்றப்பட்டு, நின்று, பார்த்து, காது கொடுத்துக் கேட்டுக் கடக்கும் முறை வந்தது. உங்கள் பிள்ளை உண்மையில் பார்க்கிறதா என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. தலையைத் திருப்பியதும், "என்ன வண்டி வருகுது? என்ன நிறம்?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பிள்ளை பாடியிருக்கிறது, பார்க்கவில்லை.

எங்கள் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் வளர்ந்த நாங்கள் வீதியில் நிற்கப் பழகியது சோதனைச்சாவடிக்காக. பஸ்ஸில் இருந்து இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் மறுபடி ஏறினோம். கிண்ணியாவுக்குப் போகப் படகுப் பாதைக்காகக் காத்து நின்றோம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது, சாவடிகளும் பின்னர் குறைந்தன, வீதிகள் அகலமாகின. வாகனங்களை மெதுவாக்கியவை போய்விட்டன. வேகமான வீதியைக் கடக்கும் பழக்கம் எங்களில் பலருக்குச் சிறுவயதில் கிடைக்கவில்லை. ஆகவே பிள்ளைக்கு இதைக் கற்பிக்கும் தாயும் அம்மம்மாவும் சேர்ந்தே கற்க வேண்டியிருக்கிறது.

கிராமத்து வீதிகளில் விளக்கு இல்லை. அங்கே பாட்டின் முதல் பகுதி நிறம் பழக மட்டுமே உதவும், இரண்டாம் பகுதிதான் வேலை செய்யும். அதிலும் கையைப் பிடிக்கும் அடியை விட்டுவிடக் கூடாது. வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிப்பது முன்பள்ளிப் பிள்ளையால் முடியாத காரியம். அது ஒன்பது, பத்து வயதை நெருங்கும்போதுதான் மெல்லக் கைகூடும். அதுவரை கணிக்க வேண்டியது கையைப் பிடித்திருக்கும் பெரியவர்.