நிபுணர்கள் போட்ட மார்க், விட்டுப்போன கேள்வி

நர்சிங் முதுநிலை ஆய்வேடு எதையாவது எடுத்துப் பின்னிணைப்பைப் புரட்டிப் பாருங்கள். பேராசிரியர்கள், மருத்துவர்கள் சிலரின் பெயர்ப்பட்டியல் இருக்கும். ‘இந்தக் கேள்வித்தாளைப் பார்த்தேன், பொருத்தமாக உள்ளது’ என்று அவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழும் இருக்கும். இதை ‘கன்டென்ட் வேலிடிட்டி வாங்குவது’ என்பார்கள். ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்கப் போகிறோம். கேள்விகள் அந்த விஷயத்தைத்தான் தொடுகின்றனவா, அதை முழுதாகத் தொடுகின்றனவா என்று விவரம் தெரிந்தவர்களிடம் பார்க்கச் சொல்வதுதான் இதன் நோக்கம். ‘நன்றாக இருக்கிறது’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தக் கேள்வியை வைப்பது, எதைத் தூக்குவது என்று முடிவு செய்ய முடியாது. அதனால்தான் நிபுணர்களின் கருத்தை எண்ணாக்கும் வழக்கம் வந்தது. 1975இல் அமெரிக்காவில் லாஷே வேலைக்கு ஆளெடுக்கும் தேர்வுகளுக்காக ஒரு கணக்கைச் சொன்னார். நர்சிங் ஆய்வுகளில் நிலைத்துவிட்டது அதற்குப் பின் வந்த கன்டென்ட் வேலிடிட்டி இன்டெக்ஸ், சுருக்கமாக சி.வி.ஐ.

கணக்கு மிக எளிது. ஒவ்வொரு கேள்விக்கும் நிபுணர் 1 முதல் 4 வரை மார்க் போடுவார். 1 என்றால் சம்பந்தமே இல்லை, 2 என்றால் ஓரளவு, 3 என்றால் நல்ல சம்பந்தம், 4 என்றால் மிகுந்த சம்பந்தம். 3, 4 இரண்டையும் ‘ஆம்’ என்றும், 1, 2 இரண்டையும் ‘இல்லை’ என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஆறு பேரில் ஐந்து பேர் ‘ஆம்’ என்றால் அந்தக் கேள்வியின் மதிப்பு 5/6, அதாவது 0.83. அவ்வளவுதான். நடுவில் ‘தெரியவில்லை’ என்று நழுவ இடம் தராமல் இருக்கத்தான் நான்கு படி.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். ஆளும் எண்களும் கணக்குக்காக நான் வைத்தவை. சர்க்கரை நோயாளிகள் வீட்டில் தங்கள் பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அறிய ஒரு மாணவி பத்துக் கேள்விகள் எழுதுகிறார். சர்க்கரை நோய் மருத்துவர், பாதப் புண்ணுக்கு அறுவை செய்பவர், நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் செவிலியர், சமூக நலச் செவிலியத்தில் இரண்டு ஆசிரியர்கள், ஒரு புள்ளியியலாளர் என ஆறு பேருக்கு அனுப்புகிறார். ‘தினமும் உள்ளங்காலைப் பார்க்கிறீர்களா?’, ‘செருப்புப் போடுமுன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்பீர்களா?’, ‘எம்.சி.ஆர். செருப்பு போடுகிறீர்களா?’ போன்ற ஏழு கேள்விகளுக்கு ஆறு பேருமே 3 அல்லது 4 போடுகிறார்கள். அந்த ஏழும் 1.00. மீதி மூன்றில்தான் விஷயம் இருக்கிறது.

‘உங்களுக்குச் சர்க்கரை வந்து எத்தனை ஆண்டு?’ என்ற கேள்விக்கு மூன்று பேர் ‘ஆம்’, மூன்று பேர் ‘இல்லை’, மதிப்பு 0.50. கேள்வியில் தப்பில்லை. எதை அளக்கப் போகிறோம் என்ற ஒரு பக்க விளக்கத்தை மாணவி கேள்வித்தாளோடு அனுப்பியிருக்கவில்லை. ஆகவே பாதி பேர் ‘பாதப் பாதிப்பு’ என்றும் பாதி பேர் ‘பாதப் பராமரிப்பு’ என்றும் மனதில் வைத்துக்கொண்டு மார்க் போட்டார்கள். நோயின் வயது பாதிப்புக்குச் சம்பந்தப்பட்டது, அவர் காலைக் கழுவுகிறாரா என்பதற்கு அல்ல. அந்தக் கேள்வி வயது, வேலை கேட்கும் முதல் பக்கத்துக்குப் போக வேண்டியது.

அடுத்து, ‘கால்விரல் இடுக்குகளைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுகிறீர்களா?’ ஆறில் நான்கு பேர் ‘ஆம்’, மதிப்பு 0.67. இடுக்கைக் கழுவி ஈரம் போகத் துடைப்பது செய்ய வேண்டியது. இடுக்கில் எண்ணெயோ கிரீமோ தடவுவது செய்யக்கூடாதது, ஏனென்றால் அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ‘ஆமாம்’ என்று பதில் சொல்கிறவருக்கு மார்க் கொடுப்பதா, குறைப்பதா? இரண்டாகப் பிரித்தால்தான் சரியாகும்.

மூன்றாவது, ‘கால் ஆணியை நீங்களே பிளேடால் சீவுவதுண்டா?’ இதற்கு 0.83. மறுத்தவர் புள்ளியியலாளர். ஓரத்தில் அவர் எழுதிய குறிப்பு: ‘ஆணியே வராதவர் என்ன சொல்வார்?’ நியாயமான கேள்விதான். ஆனால் அது சம்பந்தத்தைப் பற்றியது அல்ல, பதில் சொல்லும் வசதியைப் பற்றியது. சம்பந்தத்துக்கு ஒரு கட்டம், தெளிவுக்கு ஒரு கட்டம் என்று தாளில் தனித்தனியே தந்திருந்தால் இரண்டும் கலந்திருக்காது. என்னைக் கேட்டால் இந்த மார்க்குகளைவிட ஓரக் குறிப்புகள்தான் பயனுள்ளவை. 0.67 என்ற எண் ஏதோ கோளாறு என்று மட்டும் சொல்லும். என்ன கோளாறு என்பது குறிப்பில்தான் இருக்கும்.

இனிப் பத்துக் கேள்விக்கும் சேர்த்து ஒரே எண் வேண்டும் என்பார்கள். ஏழு 1.00, ஒரு 0.83, ஒரு 0.67, ஒரு 0.50. கூட்டிப் பத்தால் வகுத்தால் 0.90. இன்னொரு வழியும் உண்டு: ஆறு பேரும் ஒருமித்து ஏற்ற கேள்விகள் எத்தனை? பத்தில் ஏழு, ஆக 0.70. அதே தாள்கள், அதே மார்க்குகள், இரண்டு எண்கள். இரண்டையும் ‘முழுக் கேள்வித்தாளின் சி.வி.ஐ.’ என்றே ஆய்வாளர்கள் எழுதிவந்தார்கள். எந்த வழியில் கணக்கிட்டோம் என்று பலர் சொல்வதே இல்லை என்று போலிட், பெக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் எடுத்துக்காட்டினார்கள். சராசரியாகக் கணக்கிட்டால் 0.90ஆவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த வரம்பு. நம் மாணவியின் கேள்வித்தாள் அந்த வரம்பைச் சரியாகத் தொடுகிறது. உள்ளே பாதிப் பேர் ஏற்காத ஒரு கேள்வியும், பதிலுக்கு மார்க் போடவே முடியாத ஒரு கேள்வியும் இருக்கும்போதே தொடுகிறது. நல்ல கேள்விகள் ஏழு சேர்ந்து மோசமானவற்றைக் கரையேற்றிவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு கேள்வியின் மதிப்பையும் அட்டவணையாகப் போடாத ஆய்வேட்டின் சராசரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நிபுணர்கள் எத்தனை பேர் என்பதும் முக்கியம். யோசிக்காமல் பூவா தலையா போட்டு மார்க் கொடுத்தாலும் மூன்று பேரும் ‘ஆம்’ என்று அமைய எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆறு பேர் என்றால் அது அறுபத்து நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். 1986இல் மேரி லின் எழுதிய கட்டுரை இதைக் கணக்கில் எடுத்து ஒரு விதி தந்தது: குறைந்தது மூன்று பேர் வேண்டும், ஐந்து பேர் வரை இருந்தால் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும், ஆறு பேர் இருந்தால் ஒருவர் மறுக்கலாம். இதன்படி நம் 0.83 தேறும், 0.67 தேறாது.

தற்செயலைக் கழித்துவிடலாம், தாட்சண்யத்தைக் கழிக்கச் சூத்திரம் கிடையாது. ‘சார், நாளைக்குள் கையெழுத்து வேண்டும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் கேள்வித்தாளுக்கு மேலிருந்து கீழ்வரை 4 போட்டுக் கொடுப்பது சுலபம்; பெண் பாஸ் ஆகட்டுமே என்ற நல்லெண்ணமும் சேர்ந்துகொள்ளும். தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: எல்லாம் 4, ஓரத்தில் ஒரு வார்த்தை கிடையாது. நிபுணர்கள் எல்லோரும் ஒரே துறையில் அடுத்தடுத்த அறைக்காரர்களாக இருந்தாலும் இதே கதிதான். வேறொன்றும் நடக்கும். நிபுணர்கள் மார்க் போட்டது ஆங்கிலப் பிரதிக்கு, நோயாளி கையில் போவது அதன் பிறகு மொழிபெயர்த்த தமிழ்ப் பிரதி. கிடைத்த 0.95 நோயாளி பார்க்காத தாளுக்குரியது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் மிஞ்சும் ஒரு குறை, கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. நிபுணர் தாளில் உள்ள கேள்விக்குத்தான் மார்க் போட முடியும், இல்லாத கேள்விக்குப் போட முடியாது. உள்ளங்காலைப் பார்ப்பது பற்றியே பத்துக் கேள்வி எழுதினாலும் பத்துக்கும் 4 விழும், சி.வி.ஐ. 1.00 வரும். செருப்பு, நகம், ஆணி எதுவும் அதில் இருக்காது. சம்பந்தம் இருக்கிறதா என்பதை அளக்கும் எண்ணை, விஷயம் முழுதாக வந்துவிட்டதா என்பதற்கும் சாட்சியாகக் காட்டுவதுதான் பரவலாக நடக்கும் தவறு.

மாணவியின் தாளை இந்தக் கண்ணோடு பாருங்கள். செருப்பைப் பற்றி மூன்று கேள்விகள் இருக்கின்றன. செருப்பைக் கழற்றும் இடங்களைப் பற்றி ஒன்றுகூட இல்லை. நம் ஊரில் வீட்டுக்குள் வெறுங்கால், கோயிலுக்குள் வெறுங்கால், சிலருக்குக் கிரிவலம் முழுக்க வெறுங்கால். பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர் சித்திரை வெயிலில் பிரகாரத்துக் கல்லில் நடந்தால் சூடு உறைக்காது. கொப்புளத்தைப் பிறகுதான் பார்ப்பார். ஆறு நிபுணர்களுக்கும் இது தெரியாததல்ல. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்க இரண்டு வழிகள். ஒன்று, கேள்வி எழுதுவதற்கு முன்பே விஷயத்தைக் கிளைகளாகப் பிரித்து, தினசரிச் சோதனை, சுத்தம், நகமும் ஆணியும், செருப்பு, வெறுங்காலோடு நடப்பது, எப்போது மருத்துவமனைக்குப் போவது என்று பட்டியலிட்டு, எந்தக் கிளைக்கு எந்தக் கேள்வி என்று காட்டும் தாளையும் நிபுணருக்கு அனுப்புவது. காலியாக இருக்கும் கிளை கண்ணில் படும். மற்றது, தாளின் கடைசியில் ‘எது விட்டுப்போயிருக்கிறது?’ என்று கேட்டு நான்கு வரி இடம் விடுவது. நோயாளிகள் பதில் சொல்லும் கேள்வித்தாள்களுக்கு 2018இல் விதிமுறை வகுத்த காஸ்மின் என்ற பன்னாட்டு ஆய்வாளர் குழு சம்பந்தம், முழுமை, புரியும்படி இருத்தல் ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்க்கச் சொல்கிறது. அதுவும் நிபுணரிடம் மட்டுமல்ல, நோயாளிகளிடமும் கேட்கச் சொல்கிறது. புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கும் நாலு பேரிடம் பேசியிருந்தால் கோயில் பிரகாரம் முதல் வரைவிலேயே வந்திருக்கும்.

மாணவி திருத்துகிறார். நோயின் வயது முதல் பக்கத்துக்குப் போகிறது, எண்ணெய்க் கேள்வி இரண்டாகிறது, ஆணிக் கேள்விக்கு ‘எனக்கு வந்ததில்லை’ என்ற பதிலும் சேர்கிறது. மறுபடி பத்துக் கேள்விகள். அவற்றோடு பதினொன்றாவதாக, ‘கோயிலிலோ வெயிலிலோ வெறுங்காலோடு நடப்பீர்களா?’ அதே ஆறு பேருக்கும் இரண்டாம் சுற்று போகிறது. பழைய பத்துக்கும் இப்போது 1.00. புதிய கேள்விக்கு ஐந்து பேர் 4 போட, ஆசிரியர்களில் ஒருவர் ‘இது பக்தி, பராமரிப்பில் சேராது’ என்று 2 போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் மதிப்பு 0.83, லின் விதிப்படி தேறிவிடும். ஆனால் முழுத்தாளின் சராசரி 1.00 என்றிருந்திருக்க வேண்டியது 0.98 ஆகிறது, ஒருமித்த கணக்கில் 0.91 ஆகிறது. அந்தப் பதினொன்றாவது கேள்வியைத் தூக்கிவிட்டால் அழகான 1.00 கிடைக்கும் என்ற ஆசை அப்போது வரத்தான் செய்யும்.