விடுதிக்கு வெந்நீர்: சூரியனுக்கு இடம் வேண்டும்

மலைநாட்டிலே பிள்ளைகளை விடுதியில் விட்டுப் படிப்பிக்கும் பெற்றோருக்கு அதிகாலைக் குளிரைப்பற்றிச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஐந்து மணிக்கு மணி அடித்ததும், குழாயைத் திறந்து கையை நீட்டிய பிள்ளை, சுட்டவன்போல் கையை இழுத்துக்கொள்கிறான். அதனாற்றான் பல விடுதிகள் கூரைமீது சூரிய வெப்பத் தட்டுகளைப் பொருத்தியிருக்கின்றன.

அத்தகைய விடுதியொன்றை நான் அறிவேன். தட்டுகளும் தாங்கியும் பொருத்தி ஓராண்டு கடந்த பின்னர் அதன் மேற்பார்வையாளர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "ஐயா, வெந்நீருக்குக் குறைவில்லை, ஆனால் மின்சாரப் பட்டியல் முன்போலவே வருகிறது. சூரியன் வேலை செய்கிறதா, இல்லையா என்றே தெரியவில்லை" என்றார்.

கூரையில் ஏறிப் பார்த்தோம். தட்டுகளில் பழுதில்லை, கண்ணாடி துப்புரவாக இருந்தது, வெயிலும் நன்றாக எறித்தது. பிழை தாங்கியின் அடியில் இருந்தது. அதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், இத்தகைய ஓர் அமைப்பை எவ்வாறு கணக்கிடுவது என்பதை முதலிற் பார்க்கவேண்டும். கணக்கு கடினமானதன்று, மேல்வகுப்பு மாணவர் எவரும் செய்யக்கூடியதே.

எவ்வளவு வெப்பம் தேவை?

அட்டனைப் போன்றதோர் ஊரில் அறுபது மாணவர் தங்கும் விடுதி ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீர் 18 பாகை செல்சியஸ் என்க. குளிப்பதற்கு இதமான சூடு 40 பாகை. ஒருவருக்கு ஒரு பெரிய வாளி, அதாவது 20 லீற்றர் போதுமெனக் கொண்டால், அறுபது பேருக்கு 1,200 லீற்றர்.

ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். 1,200 லீற்றரை 22 பாகை உயர்த்த 26,400 கிலோ கலோரி தேவை. மின்சாரப் பட்டியலில் நாம் காணும் ஓர் அலகு 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆகவே தேவை ஏறக்குறைய 31 அலகு. குழாய்களிலும் தாங்கியிலும் இழக்கப்படும் வெப்பத்தையும் சேர்த்தால், நாளொன்றுக்கு 35 அலகு எனலாம்.

தட்டின் பரப்பு

மலைநாட்டில் முகில் நாளையும் வெயில் நாளையும் சேர்த்து, ஒரு சதுர மீற்றர் பரப்பின்மீது நாளொன்றுக்கு 4 அலகு வெப்பம் விழுவதாகக் கணக்கிடலாம். அதில் ஏறக்குறைய 45 வீதமே தாங்கிக்கு வந்து சேரும் என்க. எனவே ஒரு சதுர மீற்றர் நமக்குத் தருவது 1.8 அலகு. 35 அலகுக்கு 20 சதுர மீற்றர் வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்லும்.

ஆனால் அனுபவமுள்ளவர் 20 சதுர மீற்றர் போடமாட்டார். சராசரி நாளுக்கு முழுவதும் போதுமாகப் போட்டால், நல்ல வெயில் நாளில் வெப்பம் மிஞ்சி வீணாகும். பாடசாலை விடுமுறையிலே, தண்ணீரை எடுப்பார் இல்லாதபோது, தட்டுகள் கொதித்துப் பாதுகாப்பு வால்வு வழியே ஆவி வெளியேறும். ஆகையால் 16 சதுர மீற்றர், அதாவது இரண்டு சதுர மீற்றர்த் தட்டுகள் எட்டு, போதுமானவை. அவை சராசரி நாளில் 29 அலகு தரும். வெயில் நன்கு எறிக்கும் நாளில் 40 அலகு வரையில் தரும். நீண்ட விடுமுறையில் தட்டுகளைத் துணிகொண்டு மூடிவைப்பது நல்லது.

தாங்கியின் கொள்ளளவு

வீடுகளில் பகலிலும் மாலையிலும் வெந்நீர் செலவாகும். விடுதியிலோ எல்லாம் காலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் முடிந்துவிடும். சூரியன் தரும் வெப்பமோ பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையிலேதான் மிகுதி. ஆகவே பகல் முழுவதும் சேர்ந்த வெப்பத்தை ஓரிரவு காத்து வைத்திருக்கவேண்டும்.

தட்டின் ஒரு சதுர மீற்றருக்கு 50 லீற்றர் என்பது இங்கே பொருத்தமான அளவு. அதாவது 800 லீற்றர்த் தாங்கி. சராசரி நாளில் 29 அலகு வெப்பம் 800 லீற்றரை 31 பாகை உயர்த்தும். 18 பாகையில் தொடங்கிய நீர் 49 பாகையை எட்டும். நல்ல வெயிலில் 60 பாகையைத் தொடும். இதனைத் தண்ணீருடன் கலந்து குளிக்கலாம். தாங்கியை இதைவிட மிகப் பெரிதாக்கினால் அதே வெப்பம் கூடுதலான நீரிற் பரவும். தாங்கி நிறைய இருக்கும் நீரில் ஒரு வாளிகூடக் குளிக்கும் சூட்டில் இராது. சிறிதாக்கினாலோ, நண்பகலுக்குள்ளேயே நீர் கொதிநிலையை நெருங்க, பின்னர் வரும் வெயில் பயனற்றுப் போகும்.

"தொடர்ந்து மழை பெய்தால் என்ன செய்வது? இன்னும் பெரிய தாங்கி கட்டலாமே" என்று சிலர் கேட்பதுண்டு. தென்மேல் பருவமழை தொடங்கினால் அட்டன் பகுதியில் நாட்கணக்கில் வெயில் முகம் காட்டாது. அத்தனை நாளுக்கும் வெப்பத்தைச் சேமிக்கும் தாங்கி எவராலும் கட்ட முடியாது. அதற்குத் துணைச் சூடாக்கியே வழி. அந்தத் துணையை எங்கே வைப்பது என்பதிலேதான் அமைப்பின் வெற்றியும் தோல்வியும் தங்கியிருக்கின்றன.

துணையே பகையானால்

இனி நாம் ஏறிய கூரைக்குத் திரும்புவோம். அந்த விடுதியில் மின்சூடாக்கியைப் பெரிய தாங்கியின் அடியிலேயே பொருத்தியிருந்தார்கள். வெப்பநிலைக் கட்டுப்படுத்தி 60 பாகைக்கு வைக்கப்பட்டிருந்தது. நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. "தண்ணீர் ஆறினால் மின்சாரம் தானாகவே சூடாக்கும், வசதிதானே" என்று நினைத்திருக்கிறார்கள்.

நடந்தது யாதெனில், காலை ஏழு மணிக்கு மாணவர் குளித்து முடிக்கையில், செலவான வெந்நீருக்குப் பதிலாகக் குளிர்நீர் தாங்கியின் அடியில் வந்து நிரம்பும். உடனே மின்சூடாக்கி விழித்துக்கொள்ளும். வெயில் ஏறுவதற்குள், நாளை காலை வரை எவருக்கும் தேவைப்படாத நீரை மின்சாரமே முழுவதும் சூடாக்கிவிடும். பந்தியில் இலையை நிறையப் பரிமாறி உண்டு முடித்தவனிடம், பின்னர் வந்து "சாப்பிடு" என்றால் எங்ஙனம் உண்பான்? சூரியன் நிலையும் அதுவே. தட்டுக்குள் குளிர்நீர் சென்றால் அது வெப்பத்தை ஆவலோடு வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே சூடான நீர் சென்றால், தட்டு வாங்கிய வெப்பத்தைச் சுற்றியுள்ள குளிர்காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

பிள்ளைகளுக்கு வெந்நீர் கிடைத்துக்கொண்டிருந்தமையால் இக்குறை ஓராண்டாக எவர் கண்ணிலும் படவில்லை.

இரண்டு தாங்கி முறை

இதற்குச் சிறந்த பரிகாரம், சூரியனுக்கு ஒரு தாங்கியும் மின்சாரத்துக்கு வேறொரு சிறு தாங்கியும் வைப்பதாகும். குளிர்நீர் முதலில் 800 லீற்றர்ச் சூரியத் தாங்கியின் அடியிற் புகும். அதன் மேற்பகுதியிலிருந்து வெந்நீர் 300 லீற்றர்ச் சிறு தாங்கிக்குச் செல்லும். 6 கிலோவாற்று மின்சூடாக்கி இச்சிறு தாங்கியில் மாத்திரமே இருக்கும். அங்கிருந்து கலப்பு வால்வு வழியாகக் குளிக்கும் அறைகளுக்கு நீர் செல்லும். மின்சாரம் எவ்வளவுதான் சூடாக்கினாலும் அந்த வெப்பம் பின்னோக்கிச் சூரியத் தாங்கிக்குப் போகாது.

மழை நாளில் இது எவ்வாறு இயங்கும்? சூரியத் தாங்கி 30 பாகைக்கு மேல் ஏறவில்லை என்க. 60 பாகையில் 630 லீற்றர் வெந்நீரும் 570 லீற்றர் குளிர்நீரும் கலந்தால் நமக்கு வேண்டிய 1,200 லீற்றர் கிடைக்கும். அதிகாலை மூன்று மணிக்கு நேரக்கருவி மின்சூடாக்கியை இயக்கும். ஐந்து மணிக்குள் சிறு தாங்கி 60 பாகையை அடையும். பின்னர் குளிக்கும் இரண்டு மணி நேரத்தில், உள்ளே வந்துகொண்டிருக்கும் நீரையும் அது சூடாக்கிக்கொடுக்கும். மொத்தச் செலவு 22 அலகு. ஏழு மணிக்கு நேரக்கருவி அதனை நிறுத்திவிட வேண்டும், இது முக்கியம்.

சிறு தாங்கியை 60 பாகைக்கு வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மாநாடொன்றுக்கு வந்தவர்களிடையே கடுமையான சுவாச நோய் பரவியது. அதற்குக் காரணமான லெஜியோனெல்லா என்னும் கிருமி இளஞ்சூட்டு நீரில் செழித்து வளர்வது. 60 பாகையில் அது நிலைத்திராது. ஆனால் அவ்வளவு சூடான நீர் பிள்ளைகளின் உடலைப் பொசுக்கும். ஆகையினாலேதான் கலப்பு வால்வு அவசியமாகிறது.

இம்முறையிலும் சிறு குறை ஒன்றுண்டு. மழை நாளில் நீர் எடுத்து முடிந்ததும் சிறு தாங்கி குளிர்ந்து கிடக்கும். மறுநாள் வெயில் எறித்துப் பெரிய தாங்கி சூடாக இருந்தாலும், விடியற்காலையில் மின்சூடாக்கி சிறு தாங்கிக்காகப் பத்து அலகு வரையில் செலவழிக்கும். மாலையில் சிறிய பம்பியொன்றினால் இரு தாங்கிகளின் நீரையும் சற்று நேரம் சுழலவிட்டால் இந்தச் செலவும் தவிரும்.

எப்படிக் கண்டுகொள்வது?

மின்சூடாக்கிக்கென்று தனியாக ஒரு மின்மானி வையுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வெயில் எறித்தால், மூன்றாம் நாள் அது மூன்று அல்லது நான்கு அலகுக்கு மேல் ஓடக்கூடாது. பத்து அலகுக்கு மேல் ஓடினால், சூரியனுடைய வேலையை மின்சாரம் பறித்துக்கொள்கிறது என்பது உறுதி. நேரக்கருவியை முதலிற் பாருங்கள். மின்தடைக்குப் பிறகு அதன் கடிகாரம் பிந்தியிருத்தல் சாதாரணம்.

இரவு ஒன்பது மணியளவில் கூரையிலுள்ள தட்டுக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது குளிர்ந்திருக்கவேண்டும். சூடாக இருந்தால், திரும்பு தடை வால்வு பழுதாகி, தாங்கியின் வெந்நீர் தட்டுக்குப் போய் வானத்துக்கு வெப்பத்தை வழங்கிக்கொண்டிருக்கிறது என்று அறிக.

நமது மேற்பார்வையாளர் புதிய தாங்கிக்குப் பணம் தேடவேண்டியிருந்தது. அதுவரையில் செய்யக்கூடியதை அன்றைக்கே செய்தோம். ஒரு நேரக்கருவி வாங்கி, காலை ஏழு மணிமுதல் நள்ளிரவுக்குப் பின்வரை மின்சூடாக்கி இயங்காதபடி நிறுத்தினோம். பெரிய தாங்கி முழுவதையும் விடியுமுன் சூடாக்க வேண்டியிருந்தமையால், சிறு தாங்கியைப்போல மூன்று மணிக்குத் தொடங்கினால் போதாது. ஆகவே ஒரு மணிக்கே அதனை விழிக்கச்செய்தோம். அதன்பின் பகல் முழுவதும் தாங்கியின் அடியில் குளிர்நீர் காத்திருந்தது.

அடுத்த மாதப் பட்டியலைக் கையிற் பிடித்துக்கொண்டு அவர் வந்தபோது முகத்தில் மலர்ச்சி தெரிந்தது. "தட்டு பழையது, தாங்கி பழையது, சூரியனும் பழையவன்தான். அவனுக்குக் கொஞ்சம் இடம் விட்டோம், அவ்வளவே" என்றார்.