உங்களுக்குத் தெரியுமா? அலாரத்துக்குத் தனி வழி!

இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அமைப்பில் ஒரு ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. 5.30-க்கு வைத்த அலாரம் வீட்டையே எழுப்புகிறது. ஆனால், தைராய்டு மாத்திரையை நினைவூட்ட வேண்டிய செயலி 6 மணிக்குச் சத்தமே போடுவதில்லை. ஏன்?

ஆண்ட்ராய்டு ஒலிகளை வகை பிரித்தே கையாள்கிறது. அழைப்பு மணி, அறிவிப்பு, பாட்டு, அலாரம் என ஒவ்வொன்றும் ஒரு வகை. கடிகாரச் செயலி, குறித்த நேரத்தில் விழித்துக்கொண்டு அலாரம் என்ற வகையிலேயே ஒலிக்கிறது. நினைவூட்டல் செயலிகள் பலவும் அப்படிச் செய்வதில்லை. அவை ஓர் அறிவிப்பை அனுப்புவதோடு சரி; சத்தம் எழுப்புவதா என்பதை போன்தான் முடிவு செய்யும். தொந்தரவு கூடாத நேரத்தில் போன் அதை ஓசையின்றி அறிவிப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். 7 மணிக்குத் திரையை இழுத்துப் பார்த்தால் அது அங்கே கிடக்கும்.

ஐபோனிலும் கடிகார அலாரம் இப்படித் தப்பித்துவிடும். பிற செயலிகளும் அலாரம் அடிக்க 2025-இல் வந்த ஐஓஎஸ் 26 வழி திறந்தது.

ஆனால், அலாரத்துக்கும் ஆபத்து உண்டு. ஆண்ட்ராய்டில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ விதிவிலக்குப் பட்டியலில் அலாரத்தை அணைத்திருந்தால் அதுவும் ஊமைதான். மாத்திரைச் செயலி ஒலிக்க வேண்டுமானால், அதே பட்டியலில் அந்தச் செயலியைச் சேர்க்க வேண்டும்.