விற்றது 4,500, வந்தது 2,910

சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளை விற்க ஒருவர் புதிதாக இணையக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு 1,500 ரூபாய்ச் சேலைகள் மூன்று விற்கின்றன. மூவருமே கிரெடிட் கார்டில் கட்டுகிறார்கள். சனி, ஞாயிறு, திங்கள் போகின்றன, பணம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை 2,910 ரூபாய் வரவானதாகக் குறுஞ்செய்தி வருகிறது.

முதலில் தாமதத்தைப் பார்ப்போம். வாடிக்கையாளர் கட்டும் பணம் நேராகக் கடைக்காரரின் கணக்குக்குப் போவதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி, பேமென்ட் கேட்வே நிறுவனம் அதை வங்கியில் எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் வைத்திருந்துதான் கடைக்காரருக்கு அனுப்புகிறது. பரவலாக உள்ள ஏற்பாடு T+2, அதாவது பணம் கட்டிய நாளிலிருந்து இரண்டாவது வேலை நாள். அந்தச் சனி மாதத்தின் இரண்டாம் சனி என்பதால் வங்கி விடுமுறை. ஆகவே திங்கள் முதல் நாள், செவ்வாய் இரண்டாம் நாள்.

இனி குறைந்த தொகை. கார்டுக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 4,500க்கு 90 ரூபாய். ஒவ்வொரு கார்டுப் பரிமாற்றமும் 2,000 ரூபாய்க்குள் இருப்பதால் அந்த 90க்கு ஜிஎஸ்டி இல்லை. ஆக 90 போனது. மீதி 1,500? போன வாரம் விற்ற சேலை ஒன்று திரும்பி வந்ததால் திங்களன்று அவரே ரீஃபண்ட் கொடுத்திருந்தார். அது அடுத்து வரவிருந்த தொகையிலிருந்து கழிந்தது. வலிக்கும் விஷயம் என்னவென்றால், அந்தச் சேலைக்கு முன்பு பிடித்த 30 ரூபாய்க் கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. எனவே சேலை திரும்பி வரும்போதெல்லாம் கைக்காசு கரைகிறது.

மூவரும் யுபிஐயில் கட்டியிருந்தால்? 2020 ஜனவரி முதல் சாதாரண யுபிஐ பரிமாற்றத்துக்கு வணிகரிடம் எம்டிஆர் வசூலிக்கக் கூடாது. ஆனாலும் சில நிறுவனங்கள் தங்கள் சேவைக்கெனத் தனிக் கட்டணம் போடுவதுண்டு. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

கணக்குத் தொடங்கும்போது பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கேஒய்சி அங்கேயே நின்றுவிடும். தளத்தில் தொடர்பு முகவரியும் ரீஃபண்ட் விதிகளும் இல்லாமல் ஒப்புதல் கிடைப்பது கடினம்.

எளிதில் கண்ணில் படாத இடம் வேறு. சில கேட்வேக்களில் பணம் முதலில் authorized என்ற நிலையில் நிற்கும். Captured ஆனால்தான் கடைக்காரருக்கு உரியது. தானாக captured ஆகும்படி அமைக்காவிட்டால், குறித்த நாட்கள் கடந்ததும் பணம் வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும். சேலையோ அதற்குள் கூரியரில் போயிருக்கும். முதல் ஆர்டர் வந்ததும் அந்த ஒரு சொல்லை டாஷ்போர்டில் பார்த்துவிட்டுப் பார்சல் கட்டினால் போதும்.