பஸ் கிளம்பறதுக்குள்ள ஒரு பிளேட் காளான்: முப்பது செகண்ட் ரீலுக்கு ஸ்க்ரிப்டும் கேப்ஷனும்

"பஸ் எடுக்கப் போறாங்கண்ணா, ரெண்டு பார்சல் சீக்கிரமுங்க!"

நாம எழுதப் போற ரீலோட முதல் வரி இதுதான். வெள்ளகோவில்ல சாயங்காலம் ஒரு காளான் வண்டிக்கடை முன்னாடி பத்து நிமிஷம் நின்னா, இது மாதிரி ஒரு வரி உங்க காதுல விழும். கோவை–கரூர் ரோடு ஊரு வழியாத்தான் போகுது. பஸ்ஸுல இருந்து இறங்கறவங்க, ஏறப் போறவங்க, தறிக்குடோன்ல வேலை முடிஞ்சு வர்றவங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல பசிக்குது. அதனால இந்தக் கூட்டம் சீரா வராது, அலை அலையாத்தான் வரும். அஞ்சு நிமிஷம் ஆளே இருக்காது. அப்புறம் ஒரே நிமிஷத்துல பதினஞ்சு பேர் நிப்பாங்க.

இதையே நம்மாளுங்க வழக்கமா எப்படி ஆரம்பிப்பாங்க? "ஹாய் மக்களே, இன்னைக்கு நாம வந்திருக்கறது வெள்ளகோவில்ல இருக்கற ஒரு சூப்பரான கடைக்கு." எண்ணிப் பாருங்க, அஞ்சு செகண்ட் ஓடிடும். அதுல பார்க்கறவனுக்குக் கிடைச்சது ஊரு பேரு மட்டும்தான். "பஸ் எடுக்கப் போறாங்கண்ணா"ங்கறதுல மூணு செகண்டுக்குள்ள ஒரு ஆளு, ஒரு அவசரம், ஒரு கேள்வி மூணும் வந்துடுது. பார்சல் கிடைக்குமா, பஸ் போயிடுமா? அதுக்குப் பதில் தெரியற வரைக்கும் விரல் மேல தள்ளாது. முதல் வரி கலகலப்பா இருக்கணும்னா கத்தணும்னு அர்த்தமில்லைங்க. அந்த இடத்துல நெஜமாவே யாரோ அவசரமாச் சொன்ன வார்த்தையா இருந்தாப் போதும்.

சரி, அடுத்து என்ன காட்டறது? இதுக்குக் காளான் எப்படித் தயாராகுதுன்னு தெரியணும். ரோட்டுக்கடைக் காளான்ல வேலை ரெண்டு கட்டமா நடக்குது. முட்டைக்கோஸையும் காளானையும் பொடியா நறுக்கி, மைதா, சோளமாவு, மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசைஞ்சு பக்கோடா மாதிரி பொரிச்சு வெச்சுக்கறது முதல் கட்டம். இது கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். ரெண்டாவது கட்டம் நம்ம கண்ணு முன்னாடி, பெரிய கல்லு மேல. எண்ணெய், வெங்காயம், மசாலா, அப்புறம் சோளமாவு கரைச்ச தண்ணி, அதுல பக்கோடாவைப் போட்டுக் கரண்டியால கொத்தி உடைக்கறது. மேல பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தட்டுல தருவாங்க.

இதுல நமக்கு முக்கியம் அந்த மாவுத் தண்ணி. சோளமாவு சூடாகாம கெட்டியாகாது. சுமார் அறுபது, எழுபது டிகிரி தாண்டினாத்தான் அதோட துகள் தண்ணியை உறிஞ்சி உப்பும், குழம்பு பளபளன்னு இறுகும். அதுக்கு முன்னாடி எடுத்தா தண்ணியா ஓடும், மாவு வாசனையும் அடிக்கும். கல்லுல ஒரு ஈடு தீர்ந்து அடுத்த ஈடு இறுகற வரைக்கும், வெளியே இருபது பேர் நின்னாலும் கடைக்காரரால எதையும் வேகப்படுத்த முடியாது. கூட்டம்னா என்னன்னு காட்டற இடம் இதுதான். தலைகளைக் காட்டற ஷாட் எந்தத் திருவிழாவுலயும் கிடைக்கும். காலியான கல்லு, பக்கத்துல நீட்டின கைகள், பின்னாடி இன்ஜின் ஓடிட்டிருக்கற பஸ், இது இந்தக் கடையில மட்டும்தான் கிடைக்கும்.

இப்ப ஸ்க்ரிப்ட். பேப்பரை ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியறது, இன்னொரு பக்கம் காதுல விழறதுன்னு எழுதிக்கங்க.

0–3 செகண்ட்: கல்லு மேல ரெண்டு கரண்டி கடைசி ஈட்டை வழிச்சு எடுக்குது, மிகக் கிட்டத்துல. காதுல: "பஸ் எடுக்கப் போறாங்கண்ணா, ரெண்டு பார்சல் சீக்கிரமுங்க!"

3–8: காலிக் கல்லு. பின்னாடி மங்கலா பஸ்ஸோட லைட். நம்ம குரல்: "கல்லு காலி. பின்னாடி பஸ் நிக்குது. முன்னாடி பத்துப் பேரு."

8–15: எண்ணெய், வெங்காயம், மாவுத் தண்ணி. நம்ம குரல்: "இது கெட்டியாகற வரைக்கும் அண்ணனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

15–22: பக்கோடா விழுது, கொத்தறாரு, ஆவி மேல ஏறுது. நம்ம குரல் கிடையாது. கல்லும் கரண்டியும் பேசட்டும்.

22–27: பார்சல் கட்டற விரல், கை மாறுது, ஓடற செருப்பு. கடைக்காரர் சொல்றது எதுவோ அது.

27–30: பஸ் நகருது. திரும்பக் கல்லு, கடைசி ஈட்டை வழிக்கற கரண்டி. அதோட நிறுத்துங்க. முதல் ஷாட்டும் இதுவும் ஒண்ணா இருக்கறதால ரீல் தானா மறுபடி ஓடறப்ப ஒட்டு தெரியாது.

எண்ணிப் பார்த்தா முப்பது செகண்ட்ல நாம பேசறது மொத்தம் பதினஞ்சு வார்த்தைதான். தமிழ் வார்த்தை நீளம், செகண்டுக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல போனா மூச்சு வாங்கற மாதிரி கேக்கும். எழுதின வரியைப் போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சுச் சத்தமாப் படிங்க, மனசுக்குள்ள படிச்சா எப்பவும் நேரம் கம்மியாத்தான் காட்டும்.

22ஆவது செகண்ட்ல கடைக்காரர் வசனத்தை நான் எழுதவே இல்ல, கவனிச்சீங்களா? அது அங்க போய்த்தான் கிடைக்கணும். "சில்லறை நாளைக்கு வாங்கிக்கறேன், போ சாமி"ன்னு சொல்லலாம், ஒண்ணுமே சொல்லாமலும் இருக்கலாம். அதே மாதிரி அந்த பஸ் வரி அன்னைக்கு விழலைன்னா, ஃப்ரெண்டை நிறுத்திச் சொல்ல வெக்காதீங்க. அது எப்படியோ தெரிஞ்சிடும், குரல்ல அவசரம் இருக்காது. முதல் நாள் போன் எடுக்காமப் போய் ஒரு பிளேட் சாப்பிட்டுட்டு, காதுல விழற நாலு வரியை எழுதிட்டு வாங்க. அதுல எது வேணும்னாலும் முதல் வரியாகலாம். "வெங்காயம் தூக்கலா போடுங்கண்ணா"கூட ஓடும், என்ன, பஸ் மாதிரி கேள்வி எழுப்பாது.

ஷூட்டிங்ல நிறைய பேர் மாட்டறது லைட்டுல. வண்டிக்கடை பல்பைப் படம் எடுத்தா வீடியோவுல கறுப்புக் கோடு ஊர்ந்து போகும், பார்த்திருப்பீங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால மலிவான எல்இடி பல்பு செகண்டுக்கு 100 தடவை மங்கி எரியும். ஷட்டரை 1/50ல வெச்சா ஒவ்வொரு ஃப்ரேமும் சரியா ரெண்டு துடிப்பைப் பிடிக்கும், 1/100ன்னா ஒண்ணு. 1/60ல வெச்சா ஒண்ணரைக்கும் மேல ஏதோ ஒரு அரைகுறைக் கணக்கு, அதுதான் கோடா வருது. போன் கேமராவுல ப்ரோ மோடு இருந்தா 1/50 போட்டு லாக் பண்ணிடுங்க. பேட்டரி லைட் வெச்சிருக்கற கடையில இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. அப்புறம் ஆவி தெரியணும்னா பல்பு உங்களுக்கு எதிர்ல, கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கணும். பல்புக்குக் கீழ நீங்க நின்னு எடுத்தா ஆவியே இல்லாத மாதிரி இருக்கும்.

எடிட் பண்றப்ப ஒரு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க: கலர். "பளிச்"னு இருக்கட்டும்னு நிறத்தை ஏத்தற ஃபில்டர் போட்டா காளான் மசாலா ரத்தச் சிவப்பா மாறிடும். 2024 பிப்ரவரியில தமிழ்நாட்டுல ரோடமின்-பி சாயத்தால பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்துச்சு. அடுத்த மாசமே கர்நாடகாவுல கோபி மஞ்சூரியன்ல செயற்கை நிறம் சேர்க்கத் தடை. அதுக்கப்புறம் சிவப்பா எதைப் பார்த்தாலும் "கலர் பொடி"ன்னு கமென்ட் போட ஆளு ரெடியா இருக்கு. வெறும் மிளகாய்த்தூள் போட்ட மனுஷனுக்கு நம்ம ஃபில்டர் ஒரு புகாரைக் கொண்டுவந்து சேர்க்கும். வெங்காயம் வெள்ளையாவும் தட்டு அதோட சொந்த நிறத்துலயும் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா மசாலாவும் சரியாத்தான் இருக்கும்.

கேப்ஷன்ல முதல் வரி மட்டும்தான் திறக்காமத் தெரியும், மீதி "மேலும்"கறதுக்குள்ள போயிடும். அதனால ரீல்ல சொன்னதையே திரும்ப எழுதி அந்த வரியை வீணாக்காதீங்க. நான் எழுதினா இப்படி:

"பஸ் போயிடுச்சா இல்லையா? கடைசி வரைக்கும் பாருங்க.
வெள்ளகோவில், சாயங்காலக் காளான் வண்டி. பேருதான் காளான், உள்ள முட்டைக்கோஸும் இருக்கு, அதை அண்ணனே சிரிச்சுட்டுச் சொல்றாரு.
ஆறரை மணிக்கு மேல கூட்டம். மாவு தீர்ந்தா கடை முடிஞ்சது. அவசரம்னா ஆறு மணிக்கே போயிடுங்க.
#வெள்ளகோவில் #காளான் #ரோட்டுக்கடை"

முட்டைக்கோஸ் வரி வேணுமான்னு கேப்பீங்க. வேணும். "சுத்தமான காளான்"னு எழுதிட்டு, வெளியூர்க்காரர் வந்து முட்டைக்கோஸைப் பார்த்துச் சண்டை போட்டா அது கடைக்காரர்கிட்டத்தான் நடக்கும், நம்மகிட்ட இல்ல. ஆனா எவ்வளவு காளான், எவ்வளவு கோஸுன்னு கடைக்குக் கடை மாறும். கேட்டுட்டு, அவர் சம்மதிச்சா மட்டும் போடுங்க. விலையை நான் எழுதலை, எண்ணெய் விலை ஏறினா மாறிடும், ரீல் மட்டும் அப்படியே கிடக்கும்.

லொகேஷன் பின் போடறதும் அவரைக் கேட்டுத்தான். சாலையோர வியாபாரிகளுக்கு 2014ல மத்திய சட்டம் வந்து, விற்பனைச் சான்றுக்கு வழி செஞ்சிருக்கு. சான்று கைக்கு வராம, தினமும் யாரும் கண்டுக்காத வரைக்கும் ஓடற வண்டிகளும் இருக்கு. அவங்களுக்குத் துல்லியமான பின் உதவியா இல்லாமப் போகலாம். இன்னொரு கணக்கும் இருக்கு. ஒரு கல்லு, ரெண்டு கை, மாலை நாலு மணிக்கே பிசைஞ்சு முடிச்ச மாவு. ரீல் ஓடி அடுத்த நாள் மூணு மடங்கு கூட்டம் வந்தா, தினமும் வர்ற தறிக்காரருக்குத்தான் பிளேட் கிடைக்காது. அதனால போஸ்ட் பண்றதுக்கு முதல் நாளே வீடியோவைக் காட்டிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் போடறேங்கண்ணா, மாவு கொஞ்சம் கூட வெச்சுக்கங்க"ன்னு சொல்லிடுங்க. சனிக்கிழமை வேணாம், செவ்வாய்க்கிழமை போடுன்னு அவர் சொன்னா, செவ்வாய்க்கிழமை போடுங்க.