கருவிழியில் ஒரு கீறல்: நகம் பட்டால் ஒரு கவனம், இலை பட்டால் வேறு கவனம்

மடியில் படுத்திருக்கும் எட்டு மாதக் குழந்தை கையை வீசி விளையாடும்போது அதன் நகம் அம்மாவின் கண்ணில் பட்டுவிடுகிறது. இன்னோர் ஊரில் கரும்பு வெட்டிக்கொண்டிருப்பவரின் கண்ணில் தோகை அறைகிறது. இருவருக்கும் கண்ணைத் திறக்க முடிவதில்லை. தண்ணீர் தாரையாகக் கொட்டுகிறது. உள்ளே மணல் கிடப்பதுபோல் உறுத்துகிறது. வெளிச்சத்தைப் பார்த்தால் வலி கூடுகிறது. அன்றே கண் மருத்துவரிடம் போனால் இருவரின் கருவிழியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கீறல்தான் தெரியும். ஆனால் அடுத்து வரும் நாட்களில் இருவரும் எதற்காகக் காத்திருக்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும் என்பது ஒன்றல்ல.

ஏன் இவ்வளவு வலி?

கண்ணின் கறுப்புப் பகுதிக்கு மேலே கண்ணாடிபோல் மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் படலம்தான் கருவிழிப் படலம். கண் மருத்துவர்கள் இதைக் கார்னியா என்பார்கள். நடுப்பகுதியில் இதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதிலும் மேல்தோல், அந்த அரை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஐந்தாறு அடுக்குச் செல்களால் ஆன இந்த மேல்தோல் உரிந்துபோவதையே கீறல் என்கிறோம்.

கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஒளி தடைபடும். ஆனால் நரம்பு முனைகள் ஏராளம். நம் உடலின் மேற்பரப்பில் நரம்புகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் வேறு இடம் இல்லை. தோலைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். அந்த முனைகள் மேல்தோல் செல்களுக்கு நடுவே புகுந்து நிற்கின்றன. மேல்தோல் உரிந்தவுடன் அவை திறந்துகிடக்கின்றன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமையின் உட்பக்கம் அந்தத் திறந்த இடத்தின் மேல் உரசிப் போகிறது. கண்ணை மூடிக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருப்பதற்கும், இமைத்தால் உயிர் போவதுபோல் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

வெளிச்சம் பட்டால் கூசுவது இன்னொரு வலி. கருவிழியில் அடிபட்டால் உள்ளே இருக்கும் தசைகள் இறுகிக்கொள்கின்றன. வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும்போது இறுகிய தசை மேலும் இழுக்கப்படுகிறது. அடிபட்ட கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கண்ணில் வெளிச்சம் பட்டால்கூட வலிப்பது இதனால்தான். இரண்டு கண்மணிகளும் ஒன்றாகவே சுருங்குகின்றன. ஆகவே வலி பெரிதாக இருப்பதாலேயே காயமும் பெரிது என்று எண்ண வேண்டாம். மிகச் சிறிய கீறலும் இப்படித்தான் வலிக்கும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

முதலில் மரத்துப்போகும் சொட்டு மருந்து ஒன்றை விடுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் வலி மறைந்து, கண்ணைத் திறக்க முடியும். பிறகு ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த சிறு காகிதப் பட்டையைக் கீழிமையில் தொட்டுவிட்டு, நீல ஒளியில் பார்ப்பார்கள். தோல் உரிந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். கீறலின் நீளம், அகலம், இடம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். மேலிமையைப் புரட்டியும் பார்ப்பார்கள். நெல் உமியோ தூசியோ அங்கே ஒட்டியிருந்தால், ஒவ்வோர் இமைப்பிலும் அது புதுக் கீறல் போட்டுக்கொண்டே இருக்கும்.

மரத்துப்போகும் அந்தச் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்கும் நோயாளிகள் உண்டு. வலி ஒரு நொடியில் போனதைப் பார்த்தவர்கள் கேட்பது இயல்புதான். ஆனால் அதைத் திரும்பத் திரும்ப விட்டால் மேல்தோல் வளர்வது தடைபடும். கருவிழியே கரைந்துபோகும் அளவுக்கு ஆபத்து வரலாம். வீட்டில் வலிக்குப் பாரசிட்டமால் மாத்திரை, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, கறுப்புக் கண்ணாடி போதும். தொற்று வராமல் தடுக்க ஆன்டிபயாட்டிக் சொட்டு அல்லது களிம்பை மருத்துவர் தருவார். கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டினால் சீக்கிரம் ஆறும் என்ற பழைய நம்பிக்கை ஆய்வுகளில் நிற்கவில்லை. இலையோ கான்டாக்ட் லென்ஸோ காரணமாக வந்த கீறலைக் கட்டவே கூடாது. மூடிய வெதுவெதுப்பான இடத்தில் கிருமி நன்றாக வளரும்.

எத்தனை நாளில் ஆறும்?

கீறல் விழுந்த சில மணி நேரத்திலேயே ஓரத்தில் இருக்கும் செல்கள் தட்டையாக நீண்டு, காயத்தை மூட நகரத் தொடங்குகின்றன. பிறகு அவை பெருகி அடுக்கடுக்காகத் தடிமன் பெறுகின்றன. சிறிய கீறல் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். கருவிழியில் பாதிக்கு மேல் உரிந்திருந்தால் நான்கைந்து நாள் ஆகலாம். மேல்தோல் மட்டும் உரிந்த காயம் தழும்பு இல்லாமல் ஆறும். பார்வையும் பழையபடி வரும். ஒரு முக்கியமான அளவுகோல்: சரியாக ஆறும் கண்ணில் ஒவ்வொரு நாளும் வலி முந்தைய நாளைவிடக் குறைவாக இருக்கும்.

குழந்தையின் நகம் பட்ட அந்த அம்மாவின் கண் இப்படித்தான் இரண்டு நாளில் தெளியும். ஆனால் அவர் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக மூடிய மேல்தோல், அன்றைக்கு ஒட்டிய சுவரொட்டி போன்றது. பார்வைக்கு முழுதாக இருக்கும், பசை காய்ந்திருக்காது. அடியில் உள்ள அடுக்கோடு அது இறுகப் பிடிக்கப் பல வாரங்கள் ஆகும். தூக்கத்தில் கண் வறண்டு, இமை அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். விடியற்காலையில் கண்ணைத் திறந்ததும் அந்த இடம் மறுபடி உரிந்து, சுளீரென்று வலி வரும். நகம், காகித ஓரம், இலை போன்றவற்றால் ஏற்பட்ட கீறலுக்குப் பிறகு இது வரக்கூடியது. சில மாதம் கழித்தும் வரலாம். இதைத் தடுக்க இரவில் படுக்கும்முன் வழவழப்பான கண் களிம்பைச் சில வாரங்கள் போடும்படி மருத்துவர் சொல்வதுண்டு. காலையில் எழுந்ததும் கண்ணைத் தேய்க்காமல், மூடிய இமைக்குள் விழியை மெல்ல அசைத்துவிட்டுத் திறப்பது நல்லது.

இலை ஏன் ஆபத்து?

கரும்பு வெட்டியவருக்கு அஞ்ச வேண்டியது வேறு. தோகை, நெற்கதிர், உமி, முள், வேலிச் செடி ஆகியவற்றின் மேல் பூஞ்சை இருக்கும். முழுமையான மேல்தோலைப் பூஞ்சை எளிதில் துளைக்காது. கீறல் அதற்கு வாசல் திறந்துவிடுகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-ன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து, 1997-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் புண் வரும் முன்பு கண்ணில் காயம் பட்டிருந்தது. பெரும்பாலும் வயல் வேலையில் பட்ட காயம். கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை.

பாக்டீரியாத் தொற்று ஒன்றிரண்டு நாளிலேயே வேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பூஞ்சை மெதுவாக வளரும். இரண்டாம் நாள் வலி குறைந்து, "சரியாகிவிட்டது" என்று வேலைக்குப் போனவருக்கு, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் கண் மறுபடி சிவக்கும். அதற்குள் பூஞ்சை கருவிழியின் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். ஆகவே இலை பட்ட கண்ணை வலி போன பிறகும் இரண்டு வாரமாவது கவனிக்க வேண்டும். மருத்துவர் மறுபடி வரச் சொன்ன நாளில் போயாக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பலரைக் குருடாக்குவது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்றவை கண்ணின் சிவப்பையும் வலியையும் அடக்கும். கூடவே உடலின் எதிர்ப்பையும் அடக்கும். சிவப்பு குறைந்ததைக் கண்டு மகிழும் நேரத்தில் உள்ளே பூஞ்சை தடையின்றிப் பரவும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுவதும், நாக்கால் தூசி எடுப்பதும் திறந்த காயத்தில் நேரடியாகக் கிருமியை வைப்பதாகும்.

இந்த அறிகுறிகள் வந்தால் அன்றே போக வேண்டும்

24 மணி நேரம் ஆன பின்னும் வலி குறையாமல் இருப்பது அல்லது குறைந்த வலி மறுபடி ஏறுவது முதல் எச்சரிக்கை. கறுப்பு விழியின் மேல் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ ஒரு புள்ளி தெரிந்தால், அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அவசரம்தான். செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து வீட்டில் உள்ள ஒருவர் பார்த்தாலே பல நேரம் இது தெரியும். பீளை தள்ளுவது, இமை வீங்குவது, சிவப்பு கூடுவது, பார்வை மங்கிக்கொண்டே போவது ஆகியவையும் தொற்றின் அடையாளங்களே. நல்ல கண்ணை மூடிக்கொண்டு காலண்டர் எழுத்தைத் தினமும் ஒரே தூரத்திலிருந்து படித்துப் பார்த்தால் பார்வை குறைவது உடனே புரியும்.

அப்படிப் போனால், புண்ணிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சையின் இழைகள் அன்றே தெரிந்துவிடக்கூடும். அதற்கான நாட்டமைசின் சொட்டு மருந்தை முதலில் மணிக்கொரு முறையும், பிறகு இடைவெளி கூட்டி வாரக்கணக்கிலும் விட வேண்டியிருக்கும். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு தங்கும். ஊரில் கண்ணில் பூ விழுந்தது என்பது இதைத்தான். தழும்பு நடுவில் விழுந்தால், பார்வை திரும்பக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையே வழியாகலாம்.

அடிபட்ட அந்த மணி நேரத்தில்

கண்ணைக் கசக்க வேண்டாம். கையைக் கழுவிவிட்டு, சுத்தமான குடிநீரால் கண்ணை நன்றாகக் கழுவுங்கள். வாய்க்கால் நீர் வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள், ஆறி முடியும்வரை மறுபடி போடாதீர்கள். கண்மணி வட்டம் கோணலாகத் தெரிந்தாலோ, முள் குத்தி நின்றாலோ, கழுவவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். கண்ணில் அழுத்தாதபடி ஒரு காகிதக் குவளையை மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

சாதாரணக் கீறலுக்கு நேரமே மருந்து. நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், கருவிழிக் கீறலோடு வந்தவர்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள் போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் தொடங்கிய எவருக்கும் புண் வரவில்லை. மருந்து போடாத குழுவோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வல்ல அது. ஆனாலும் சீக்கிரம் போவதன் பலனை அது காட்டுகிறது. ஆகவே கண்ணில் இலையோ உமியோ அடித்தால், வலி எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்று பொழுது சாய்வதற்குள் கண் மருத்துவரைப் பாருங்கள். அவர் எழுதித் தராத எந்தச் சொட்டு மருந்தையும் அந்தக் கண்ணில் விடாதீர்கள்.