மாத்திரைப் பெட்டியில் மறைந்திருக்கும் மலச்சிக்கல்

வயிறு கட்டிக்கொண்டால் நாம் முதலில் குறை கூறுவது உணவையே. ஊரில் சோறு உண்டவர்கள் இங்கே சப்பாத்திக்கு மாறினோம், தண்ணீரும் மாறிவிட்டது என்கிறோம். ஆனால் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளை நாம் சந்தேகிப்பதில்லை.

மும்பையில் வசிக்கும் 58 வயதுச் சகோதரி ஒருவரின் நிலையைப் பாருங்கள். ஏப்ரல் மாதத்தில் முழங்கால் வலிக்காகச் சென்றபோது எலும்பு மருத்துவர் காலையும் இரவும் ஒவ்வொரு கால்சியம் மாத்திரை கொடுத்தார். ஜூன் மாதத்தில் இரத்த அழுத்தத்திற்கும் படபடப்புக்குமாக இருதய மருத்துவர் வெரபமில் என்னும் மாத்திரையைத் தொடங்கினார். ஆகஸ்டில் அக்கி வந்து ஆறிய பின்னும் நரம்பு வலி நீங்காததால், மற்றொரு மருத்துவர் இரவில் உட்கொள்ள அமிட்ரிப்டிலின் கொடுத்தார். மூவரும் கொடுத்தவை தேவையான மருந்துகளே. ஆனால் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. செப்டம்பரில் அவர் நான்கு நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே, அதுவும் மிகுந்த வருத்தத்தோடு, மலம் கழித்தார்.

இம்மருந்துகள் குடலில் செய்வது என்ன? குடலின் தசைகள் சுருங்கி விரிந்து மலத்தை முன்னே தள்ளுகின்றன. தசை சுருங்குவதற்குக் கால்சியம் தசையணுக்களுக்குள் நுழைய வேண்டும். வெரபமில் அந்த வாசலை அடைக்கிறது. இரத்தக் குழாய் தளர்வதால் அழுத்தம் குறைகிறது. குடலும் அவ்வாறே தளர்ந்துபோகிறது. இதே வகையைச் சேர்ந்த அம்லோடிபின் குடலை இவ்வளவு பாதிப்பதில்லை.

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கென வந்த மருந்து. நரம்பு வலிக்கும் பயன்படுகிறது. நரம்புகள் குடலுக்கு அனுப்பும் ‘அசை’ என்னும் கட்டளையை இது தடுக்கிறது. அதே கட்டளையால்தான் உமிழ்நீரும் சுரக்கிறது. ஆகவே வாய் வறட்சியும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்தால் இம்மருந்தைச் சந்தேகிக்கலாம். மனச்சோர்வு மருந்துகள் யாவும் இப்படிப்பட்டவை அல்ல. செர்ட்ரலின் பலருக்கு வயிற்றுப்போக்கையே உண்டாக்குகிறது.

கால்சியம் மாத்திரைகளில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட். உடல் ஏற்காமல் விடுகிற பகுதி குடலிலேயே தங்கி மலத்தை இறுக்குகிறது. வெறும் வயிற்றில் உட்கொண்டால் உடல் ஏற்பது இன்னும் குறையும். எனவே உணவோடு உட்கொள்ள வேண்டும். சிலருக்குக் கால்சியம் சிட்ரேட் எளிதாக ஒத்துக்கொள்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கேழ்வரகும் பாலும் தயிரும் தவறாமல் உண்பவருக்கு இரண்டு மாத்திரைகள் தேவையா என்று மருத்துவரைக் கேட்பது நியாயமே.

அச்சகோதரி கடையில் இசப்கோல் வாங்கி, அரைக் குவளைத் தண்ணீரில் குழைத்து உண்டார். வயிறு உப்பியதே தவிரப் பலனில்லை. அந்த உமி நீரை உறிஞ்சி வீங்கும் தன்மையுடையது. ஒரு முழுக் குவளைத் தண்ணீரில் கலந்து உடனே பருகி, அன்று முழுவதும் போதிய நீர் அருந்த வேண்டும். தண்ணீரும் அருந்தாமல் உபவாசிக்கும் நாளில் அதை உட்கொள்ளாதிருங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. மருந்தினால் குடலே மந்தமாகியிருந்தால் உமி மட்டும் போதாது. மலத்தை இளக்கும் வேறு மருந்தை மருத்துவர் கொடுப்பார்.

அவருக்கு வழி திறந்தது ஒரு காகிதத் துண்டினால். அவருடைய மகள் ஒவ்வொரு மாத்திரையும் தொடங்கிய தேதியையும், மலச்சிக்கல் தொடங்கிய நாளையும் வரிசையாக எழுதினாள். சிக்கல் ஜூன் பிற்பகுதியில் தொடங்கி, ஆகஸ்டுக்குப் பின் கடுமையானது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதைக் கண்ட இருதய மருத்துவர் வெரபமிலுக்குப் பதிலாக வேறு மருந்து கொடுத்தார். கால்சியம் மதிய உணவோடு ஒன்று என்றாயிற்று. நரம்பு வலி குறைந்திருந்தபடியால் அமிட்ரிப்டிலினின் அளவு சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டது. சில வாரங்களில் வயிறு சீரடைந்தது.

கவனியுங்கள், அவர் எதையும் தாமாக நிறுத்தவில்லை. இரத்த அழுத்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் ஏறிவிடும். மனச்சோர்வு மருந்தை ஒரே நாளில் விட்டால் தூக்கமின்மை, குமட்டல், பதற்றம் உண்டாகலாம். பழைய சோர்வும் திரும்பக்கூடும்.

எல்லா மலச்சிக்கலுக்கும் மாத்திரையே காரணம் என்றும் எண்ணிவிடாதீர்கள். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய சிக்கல் ஆகியவை தனியே பரிசோதிக்கப்பட வேண்டியவை. வாயுவும் பிரியாமல், வயிறு வீங்கி, வாந்தியும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்றிரவு உங்கள் மாத்திரைப் பெட்டியைத் திறந்து, பெயரையும் தொடங்கிய தேதியையும் எழுதுங்கள். கடையில் தாமாக வாங்கியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் சென்றாலும் அந்தத் தாளை முதலில் அவர் கையில் கொடுங்கள்.